வீட்டு மோட்டார்: எச்.பி.யை கிலோவாட், ஆம்பியராக மாற்றுவதும் வீட்டுக் கரண்ட் அதைத் தாங்குமா என்று பார்ப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு எச்.பி.ன்னா 746 வாட். 230ஆல வகுத்தா 3.2 ஆம்ப்ஸ்தான் வருது. ஆனா பேனல்ல முள்ளு ஏழுல நிக்கி. மோட்டார் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. 746 வாட் என்பது மோட்டாரின் தண்டு பம்புக்குக் கொடுக்கும் திறன். கரண்ட் கம்பியிலிருந்து மோட்டார் வாங்குவது அதைவிட அதிகம். வாங்கியதில் ஒரு பங்கு காயில் சூடாகவும், இரும்புச் சூடாகவும், பேரிங் உராய்வாகவும் போய்விடும். வீட்டுக்குப் போடும் சிங்கிள் பேஸ் ஒரு எச்.பி. மோட்டார், வாங்குவதில் சுமார் 60 சதவீதத்தைத்தான் தண்டில் கொடுக்கும். ஆக 746 வாட் வெளியே வர, உள்ளே 1240 வாட் போக வேண்டும்.

இது போக பவர் ஃபேக்டர் என்று ஒன்று உண்டு. காயிலைக் காந்தமாக்க மோட்டார் கொஞ்சம் கரண்டை வாங்கித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். யூனிட்டில் அது ஏறாது, ஆனால் வயரில் ஓடும். 0.85 என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்:

```
ஆம்பியர் = (எச்.பி. × 746) ÷ (வோல்ட் × மோட்டார் திறன் × பவர் ஃபேக்டர்)
         = (1 × 746) ÷ (230 × 0.60 × 0.85)
         = 6.4 ஆம்பியர்
```

பெயர்ப்பலகையில் பெரும்பாலும் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே, 7 அல்லது 7.5 என்று போட்டிருப்பார்கள். அது முழுச் சுமையில் போகக்கூடிய அளவு. உங்கள் முள் ஏழில் நின்றால் மோட்டார் சரியாகத்தான் ஓடுகிறது.

பலகையில "0.75 கிலோவாட் / 1 எச்.பி."ன்னு போட்டிருக்கே. அப்ப ஒரு மணி நேரம் ஓட்டுனா முக்கால் யூனிட்டுதானே?

அந்த 0.75ம் வெளியே கொடுக்கும் திறன்தான். எச்.பி.யையே கிலோவாட்டில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். யூனிட் கணக்குக்கு உள்ளே போகும் வாட் வேண்டும். அது எவ்வளவு என்று வீட்டு மீட்டரே சொல்லும், கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

மீட்டர் முகப்பில் `imp/kWh` என்று எழுதி அருகே ஓர் எண் இருக்கும். பல மீட்டர்களில் அது 3200. முகப்பில் உள்ள சிவப்பு விளக்கு 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று பொருள். மற்ற சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட விடுங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடத்தை விட்டுவிட்டு, பிறகு ஒரு நிமிடத்துக்கு எத்தனை சிமிட்டல் என்று எண்ணுங்கள். 68 வந்தால்:

```
68 × 60 ÷ 3200 = 1.275 கிலோவாட்
```

மணிக்கு ஒன்றேகால் யூனிட். மாடித் தொட்டி நிறைய 40 நிமிடம் ஆகிறது என்றால் ஒரு தடவைக்கு 0.85 யூனிட்.

இதே நேரத்தில் கிளாம்ப் மீட்டரில் 7 ஆம்பியரும் பேனலில் 225 வோல்ட்டும் காட்டினால், இரண்டையும் பெருக்கினால் 1575 வரும். மீட்டர் சொன்னது 1275. இந்த வித்தியாசம்தான் பவர் ஃபேக்டர், 1275ஐ 1575ஆல் வகுத்தால் 0.81. பில்லுக்கு வாட்டைப் பாருங்கள். வயர், எம்சிபி, ஸ்டார்ட்டர் எதைத் தேர்ந்தெடுப்பதற்கும் ஆம்பியரைப் பாருங்கள். பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதால்தான் வருகிறது.

பலகை அழிஞ்சு போச்சு. குத்துமதிப்பா எச்.பி.க்கு எத்தனை ஆம்ப்ஸ்ன்னு வைக்கலாம்?

சிங்கிள் பேஸில் அரை எச்.பி.க்கு மூன்றரை முதல் நாலரை, ஒன்றுக்கு 6 முதல் 8, ஒன்றரைக்கு 9 முதல் 11, இரண்டுக்கு பதினொன்றரை முதல் 14. சிறிய மோட்டாரில் வீணாவது கூடுதல் என்பதால் அரை எச்.பி. என்பது ஒன்றில் சரிபாதியாக வராது. போருக்குள் இறங்கும் சப்மெர்சிபிள் இந்த வரம்பின் மேல்பக்கம் நிற்கும். சம்ப்பிலிருந்து ஏற்றும் மோனோபிளாக் கீழ்ப்பக்கம் நிற்கும். அழிந்த பலகைக்கு இது போதும். பலகை படிக்க முடிகிற நிலையில் இருந்தால் அதில் உள்ள எண்ணை மட்டும் நம்புங்கள்.

போர் கொல்லைப்புறத்துல இருக்கு. மோட்டார் 240 அடியில. ஒரு எச்.பி.க்கு ஒன்றரை எம்எம் வயர் தாராளம்னு கடையில சொல்லுதாவ. சரிதானா?

ஏழு ஆம்பியரை ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் சூடாகாமல் தாங்கும். கடைக்காரர் சொல்வது அந்த அளவில் சரி. ஆனால் போர் மோட்டாருக்கு வயர் சூடாகிறதா என்பது முதல் கேள்வி இல்லை, மோட்டாரின் வாய்க்குப் போய்ச் சேரும் வோல்ட் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

நாங்குநேரி பக்கத்து வீடு ஒன்றை வைத்துக் கணக்குப் போடுவோம். பேனல் பெட்டி பின்வாசல் சுவரில். அங்கிருந்து போர் 25 மீட்டர். 240 அடி என்பது 73 மீட்டர். கொஞ்சம் தளர்வும் சேர்த்து 100 மீட்டர் வயர். கரண்ட் போய்த் திரும்புவதால் கம்பியின் நீளம் 200 மீட்டர். சப்மெர்சிபிள் பட்டை வயரில் ஒன்றரைக்கு கிலோமீட்டருக்கு 13.3 ஓம், இரண்டரைக்கு 7.98 ஓம், நாலுக்கு 4.95 ஓம்.

```
1.5 ச.மி.மீ.: 0.2 × 13.3 = 2.66 ஓம்;  7 ஆம்பியரில் 18.6 வோல்ட் இழப்பு
2.5 ச.மி.மீ.: 0.2 × 7.98 = 1.60 ஓம்;  7 ஆம்பியரில் 11.2 வோல்ட் இழப்பு
4   ச.மி.மீ.: 0.2 × 4.95 = 0.99 ஓம்;  7 ஆம்பியரில் 6.9 வோல்ட் இழப்பு
```

ஓடும்போது 18 வோல்ட் போனாலும் மோட்டார் ஒப்பேற்றிவிடும். கிளம்பும்போதுதான் மாட்டிக்கொள்ளும். கிளம்பும் அந்த ஒரு நொடியில் மோட்டார் ஓட்டக் கரண்டைப் போல நாலு மடங்கு, சில மோட்டார் ஐந்தாறு மடங்குகூட, இழுக்கும். நாலு மடங்கு, அதாவது 28 ஆம்பியர் என்றே வைத்துக்கொண்டால் வயரில் மட்டும் ஒன்றரையில் 74 வோல்ட், இரண்டரையில் 45, நாலில் 28 வோல்ட் போய்விடும். சாயங்காலம் பேனலில் 205 வோல்ட்தான் வருகிறது என்று வையுங்கள். மோட்டாருக்குக் கிடைப்பது முறையே 131, 160, 177. வோல்ட் குறையும்போது இழுக்கும் கரண்டும் குறைவதால் நடப்பில் இழப்பு இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும், ஆனால் வரிசை மாறாது.

மோட்டாரின் முறுக்கு விசை வோல்ட்டின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 131 வோல்ட்டில் 230க்கு உரிய விசையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். 160இல் ஏறக்குறைய பாதி. 177இல் அறுபது சதவீதம். ஒன்றரை வயர் போட்ட வீட்டில் காலையில் கிளம்பும் மோட்டார் சாயங்காலம் உறுமிக்கொண்டு நிற்பது இதனால்தான். உறுமும் அந்த நேரம் முழுக்க 20 ஆம்பியருக்கு மேல் காயிலில் ஓடிக்கொண்டிருக்கும். காயில் கருகுவது அங்கேதான்.

இந்த வீட்டுக்கு இரண்டரை குறைந்தபட்சம். சாயங்கால லோ வோல்டேஜ் வழக்கமாக உள்ள ஊரென்றால் நாலு போடலாம். தடிமன் வயர் போட்டால் பில் குறையும் என்று மட்டும் யாராவது சொன்னால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: ஒன்றரைக்கும் நாலுக்கும் வீணாவதில் வித்தியாசம் 80 வாட் சொச்சம், தினம் ஒரு மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு இரண்டரை யூனிட்டுக்குள் அடங்கிவிடும். காசு மிச்சமாவது பில்லில் அல்ல, காயில் கட்டும் கூலியிலும் மோட்டாரை மேலே தூக்கும் கூலியிலும்.

மோட்டார் போட்டா லைட்டு மங்குது. கோளாறு ஈபி லைன்லயா, எங்க வீட்டு வயரிங்லயா?

இதை ஊகிக்க வேண்டாம், நாலு அளவு எடுத்தால் தெரிந்துவிடும். மெயின் சுவிட்ச் பக்கமும் பேனல் பெட்டி பக்கமும், மோட்டார் நின்றிருக்கும்போது ஒரு தடவை, ஓடும்போது ஒரு தடவை வோல்ட் பார்க்க வேண்டும். திறந்த முனையில் மீட்டர் வைக்கும் வேலை என்பதால் பழகிய வயர்மேனை வைத்துப் பாருங்கள். மீட்டரின் சீலைத் தொடக் கூடாது. மெயின் சுவிட்சுக்கு வீட்டுப் பக்கம் மட்டும்தான் உங்கள் எல்லை.

உதாரணமாக மோட்டார் நிற்கும்போது இரண்டு இடத்திலும் 218 வோல்ட். ஓடும்போது மெயினில் 215, பேனலில் 204. மெயின் வரை 3 வோல்ட்தான் குறைந்திருக்கிறது, ஈபி லைனில் குறை இல்லை. மெயினிலிருந்து பேனலுக்குள் 11 வோல்ட் போயிருக்கிறது. அந்த இடைவெளி 15 மீட்டர், இரண்டரை வயர் என்றால் 7 ஆம்பியருக்கு ஒன்றரை வோல்ட் சொச்சம்தான் குறைய வேண்டும். மீதி ஒன்பது வோல்ட்டுக்கு மேல் எங்கோ ஒரு லூஸ் முனையில் போகிறது.

ஒன்பதரை வோல்ட்டை ஏழு ஆம்பியரால் பெருக்கினால் 66 வாட். ஒரு சால்டரிங் அயர்னை ஒரு திருகு முனையில் ஒட்டி வைத்த மாதிரி. அந்த முனை எது என்று கண்டுபிடிப்பது லேசு: மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட்டி, மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தால், வயரின் உறை பழுப்பேறி, திருகைச் சுற்றி பிளாஸ்டிக் இளகியிருக்கும். வெறும் திருகை இறுக்கினால் போதாது. கருகிய நுனியை வெட்டிவிட்டுப் புதுச் செம்பைச் சீவி, லக் போட்டு மாட்ட வேண்டும். பியூஸ் கட்டையின் பித்தளை நாக்கு நிறம் மாறியிருந்தால் கட்டையையே மாற்றுங்கள்.

மாறாக மெயினிலேயே 218 இருந்தது 200க்கு இறங்கினால், கோளாறு மின்கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரிலோ அதன் இணைப்பிலோ இருக்கிறது. உப்புக்காற்று அடிக்கும் உவரி, கூடங்குளம் கரையோரத்தில் அலுமினிய முனைகள் பூத்துப்போவது சகஜம். அது வாரியத்தின் வேலை, மின்னகம் எண் 94987 94987இல் சொல்லலாம். "லோ வோல்டேஜ்" என்று மட்டும் சொல்லாமல், மோட்டார் நிற்கும்போது 218, ஓடும்போது 200 என்று இரண்டு எண்ணையும் சொன்னால் லைன்மேன் நேரே முனையைத் தேடுவார். நிற்கும்போதே 195தான் என்றால் அது உங்கள் சர்வீஸ் வயரின் கோளாறு அல்ல, அந்த லைன் முழுக்கச் சுமை கூடிவிட்டது. அதற்குத் தெருவே சேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒன்று மட்டும் உடனே கவனிக்க வேண்டியது: மோட்டார் போடும்போது ஏதாவது லைட் மங்காமல் *பிரகாசமானால்*, நியூட்ரல் விட்டிருக்கிறது. மூன்று பேஸ் சர்வீஸ் உள்ள வீட்டில் இது டிவி, பிரிட்ஜ் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எரித்துவிடும். மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கிளாம்ப் மீட்டர் வாங்கினேன். வயர்ல மாட்டுனா சைபர் காட்டுது.

இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்வியிருப்பீர்கள். போகும் கரண்டும் வரும் கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். பேனல் பெட்டிக்குள் வரும் பேஸ் வயரை மட்டும் தனியாகக் கவ்வுங்கள். ஏசி ஆம்பியரில் வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் எதையாவது கவ்வினால் ஸ்டார்ட்டிங் காயில் கரண்ட் தனியாக வந்து குழப்பும், அதனால் பெட்டிக்குள் வரும் பக்கத்திலேயே பாருங்கள்.

சர்வீஸ் பில்லுல 2 கிலோவாட்னு இருக்கு. ஒரு எச்.பி. மோட்டார் போடலாமா?

மோட்டார் மட்டும் என்றால் இடம் இருக்கிறது, அது உள்ளே வாங்குவது ஒன்றேகால் கிலோவாட். ஆனால் கூடவே எது எது ஓடும் என்று கூட்டிப் பாருங்கள். மோட்டார் 7 ஆம்பியர், ஒன்றரை டன் ஏசி 7, கீசர் 9, பிரிட்ஜும் பேனும் லைட்டும் 3 என்றால் மொத்தம் 26. மீட்டர் 5–30 ஆம்பியர் வகை என்றால் ஓடும். மோட்டார் கிளம்பும் நொடியில் மெயின் எம்சிபி தட்டலாம். வாட்டில் இது ஐந்து கிலோவாட்டைத் தாண்டுகிறது. 2 கிலோவாட் அனுமதியில் இதை ஓட்டுவது முறையும் இல்லை, சர்வீஸ் வயருக்கும் நல்லதில்லை. அனுமதிக்கப்பட்ட மின்பளுவைக் கூட்டித் தரச் சொல்லி விண்ணப்பியுங்கள். அதுவரை கீசர் அணைந்த பிறகு மோட்டார் என்று வைத்துக்கொண்டால் போதும்.

மூன்று பேஸ் சர்வீஸ் இருந்தால் சாயங்காலம் ஏழு மணிக்கு மூன்று பேஸிலும் நியூட்ரலுக்கு எதிராக வோல்ட் பார்த்து, கூடுதலாக உள்ள பேஸில் மோட்டாரை மாட்டச் சொல்லுங்கள். ஏசி இருக்கும் பேஸ் வேண்டாம்.

எம்சிபி எத்தனை ஆம்ப்ஸ்? 10 போட்டா கிளம்பும்போதே விழுது.

ஒரு எச்.பி.க்கு 16 ஆம்பியர் சி வகை போடுங்கள். சி வகை, எழுதியிருக்கும் ஆம்பியரைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு வந்தால்தான் உடனே தட்டும். பத்தில் வீட்டு லைட்டுக்குப் போடும் பி வகை என்றால் மூன்று மடங்கு, அதாவது 30 ஆம்பியரிலேயே விழலாம். மோட்டார் கிளம்புவதே 28 என்பதால் ஒரு நாள் நிற்கும், ஒரு நாள் விழும். ஆனால் 16 போடும் முன், மெயினிலிருந்து பேனல் வரை வயர் இரண்டரை இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

16 ஆம்பியர் எம்சிபி வயரைத்தான் காக்கும், மோட்டாரைக் காக்காது. மோட்டார் இறுகிப்போய் 11 ஆம்பியர் இழுத்தால் எம்சிபி கண்டுகொள்ளவே கொள்ளாது, காயில் கருகிவிடும். அதற்குப் பேனலில் உள்ள ஓவர்லோடு ரிலேதான் காவல். அதைப் பலகையில் எழுதிய ஆம்பியரில் வையுங்கள். அடிக்கடி விழுகிறது என்று பத்தில் திருப்பி வைப்பது, காவல்காரனை வீட்டுக்கு அனுப்புவதுதான்.

தேரி மண் உள்ள திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் வெயில் காலத்தில் எர்த் குழி காய்ந்துவிடும். எர்த் மட்டும் நம்பாமல், கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடுங்கள்.

வோல்டேஜ் குறைஞ்சா ஆம்ப்ஸும் குறையணுமே, ஏன் கூடுது?

பல்பில்தான் குறையும். ஓடும் மோட்டாருக்கு மேலே ஏற்ற வேண்டிய தண்ணீரின் சுமை அப்படியே இருக்கிறது. வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். 230இல் ஏழு இழுத்தது 195இல் எட்டைத் தொடலாம். சூடு ஆம்பியரின் இருமடிக்கு ஏறும் என்பதால் ஏழு எட்டானால் காயில் சூடு 30 சதவீதம் கூடும். பலகையில் "180–240 வோல்ட்" என்று போட்டிருந்தால் அது மோட்டாரின் முனையில் கிடைக்க வேண்டியது, பேனலில் அல்ல. முன்பு பார்த்த வீட்டில் ஒன்றரை வயரென்றால் பேனலில் 200 காட்டும்போதே மோட்டார் 180க்கு வந்துவிட்டது.

ஸ்டெபிலைசர் போட்டால் மோட்டாருக்கு வோல்ட் கூடும், ஆனால் அந்தக் கூடுதலை லைனிலிருந்துதான் வாங்கும். பலவீனமான சர்வீஸ் வயரில் அது வோல்ட்டை இன்னும் இறக்கும். முனைகளைச் சரிசெய்த பிறகும் குறைந்தால் மட்டும் வாங்குங்கள். முடிந்தால் தொட்டியை விடியற்காலை நிரப்பிக்கொள்ளுங்கள், அது இன்னும் மலிவு.

முள்ளு வழக்கத்தைவிட கீழ நிக்கி. நல்லதுதானே?

ஏழில் நிற்பது ஐந்துக்கு வந்து, குழாயில் தண்ணீரும் காற்றுமாகத் துப்பினால், போரில் தண்ணீர் மட்டம் பம்புக்குக் கீழே போய்விட்டது. வடகிழக்கு மழைக்கு முன், ஆவணி புரட்டாசியில் இது வரும். உடனே அணையுங்கள். சப்மெர்சிபிள் தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரால்தான் குளிர்கிறது. ஒரு மணி நேரம் விட்டு ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் மறுபடி முள் இறங்கினால் அந்தப் பத்து நிமிடம்தான் இப்போதைக்கு உங்கள் ஊற்று.

முள் மேலே போனால் வேறு கதை. வோல்ட் சரியாக இருந்து ஒன்பது காட்டினால் முதலில் ரன்னிங் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள், பலகையில் எழுதிய அதே மைக்ரோஃபாரட்டில். உப்பியிருந்தாலும் எண்ணெய் கசிந்தாலும் சோதிக்கவே வேண்டாம், மாற்றிவிடலாம். அதற்கும் இறங்கவில்லை என்றால் பம்பில் மணல் ஏறியிருக்கும், அல்லது பேரிங் போயிருக்கும். அப்போது தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

கரண்ட் இல்லாதப்ப வீட்டு இன்வெர்ட்டர்ல ஓட்டலாமா?

லைட்டுக்கும் பேனுக்கும் வாங்கிய 900 விஏ இன்வெர்ட்டரில் முடியாது. விஏ என்பது வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கியது. ஓடுவதற்கே 1575 விஏ, கிளம்பும் அந்த ஒரு நொடிக்கு 6000 விஏக்கு மேல் வேண்டும். ஜெனரேட்டர் அந்த ஒரு நொடிக் கூடுதலைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும் என்பதால் ஐந்து கேவிஏ பாருங்கள். இரண்டு கேவிஏ எந்திரத்தில் மாட்டினால் மோட்டார் உறுமும், எந்திரம் திணறும், இரண்டும் நிற்கும், அதற்குள் அணைத்துவிடுங்கள்.